இரண்டு வேளை

ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஊரில் எனக்கு ஓர் உத்தியோகம் மிஞ்சியிருக்கின்றது. கடிதம் வாசித்துச் சொல்வதுதான் அது. முன்பெல்லாம் மத்திய கிழக்கிலிருந்து வரும் ஒப்பந்தப் பத்திரங்களையும் வங்கிக் கடிதங்களையும் கொண்டு வருவார்கள். இப்போது வருவதில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரித் துண்டுகள். மாவனல்லைப் பக்கத்து மலையடிவார ஊர் எங்களுடையது. சிங்களம் எல்லோருக்கும் வாய்க்கு வரும். ஆனால் வாசிப்பதென்றால் தமிழ்தான். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி அனுப்பும்போது கையில் கொடுக்கின்ற டயக்னோசிஸ் கார்டோ இங்கிலீஷில் இருக்கின்றது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது என்று இதை வைத்து ஆத்திரப்படுகின்ற நண்பர்கள் எனக்குண்டு. சிங்களவர்களுக்கும் அந்த கார்ட் இங்கிலீஷில்தான் கிடைக்கின்றது என்பதை நான் அவர்களுக்கு ஞாபகப்படுத்துவேன். அது ஒரு டொக்டர் இன்னொரு டொக்டருக்கு எழுதுகின்ற கடிதம். நோயாளி அதைச் சுமந்து திரிகின்ற தபால்காரர் மட்டுமே.

2024 பெப்ரவரியில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் இருந்தபோது, மேல் ரோட்டு ஹாஜியாரின் மகள் வந்தாள். நான் படிப்பித்த பிள்ளை. கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் கார்டும் நான்கு மருந்து உறைகளும் இருந்தன.

"சேர், வாப்பாவ நேத்து துண்டு வெட்டிட்டாங்க. இதக் கொஞ்சம் பாத்து, எங்களுக்கு வெளங்குற மாதிரி எழுதித் தாங்களே. மருமகள்தான் மருந்து குடுக்கிறா. அவவுக்கு இங்கிலீஷும் தெரியா, சிங்கள எழுத்தும் தெரியா."

ஹாஜியாருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஊர் ஊராகப் பிடவை விற்றுத் திரிந்தவர். கால்கள் வீங்கி, படுத்தால் மூச்செடுக்க ஏலாமல் போய், ஆறு நாள் வாட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். வாட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னார்களாம். மிஸ் வந்து சிங்களத்தில் எல்லாம் சொல்லிவிட்டு "தேருனாத?" என்று கேட்டாளாம். ஹாஜியார் "ஒவ் மிஸ்" என்றாராம். வாட்டிலிருந்து வீட்டுக்குப் போகக் காத்திருக்கின்ற எந்த மனுசன்தான் விளங்கவில்லை என்பான்?

கார்டின் மேற்பகுதியிலேயே முதல் சிக்கல் இருந்தது. வருத்தத்தின் பெயர் ஹார்ட் ஃபெயிலியர். அகராதியைத் திறந்தால் இதயச் செயலிழப்பு என்று இருக்கும். அதை அப்படியே எழுதிக் கொடுத்தால் வீட்டில் குர்ஆன் ஓதத் தொடங்கிவிடுவார்கள். நான் இப்படி எழுதினேன்: "இதயம் நின்றுவிடவில்லை. இரத்தத்தைத் தள்ளுகின்ற பலம் அதற்குக் குறைந்துவிட்டது. அதனால் உடம்பில் தண்ணீர் தேங்கி, காலிலும் நுரையீரலிலும் நிற்கின்றது. மருந்து அந்தத் தண்ணீரைச் சலமாக வெளியேற்றுவதற்கும் இதயத்தின் பாரத்தைக் குறைப்பதற்கும்." இதை எழுதியபோது எனக்கு என்மீது கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது.

கார்டின் அடியில் 2/52 என்று ஓர் எண் கிடந்தது. மகள் அதைப் பிரஷர் கணக்கு என்று நினைத்திருந்தாள். அது கிளினிக்குக்கு வரவேண்டிய தவணை. வருடத்துக்கு 52 வாரம். அதில் 2 வாரம் கழித்து வா என்பது அர்த்தம். 1/12 என்றிருந்தால் ஒரு மாதம். 3/7 என்றிருந்தால் மூன்று நாள். திகதி போட்டு எழுதிவிட்டால் ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் வாட்டில் அப்படி எழுதுகின்ற வழக்கமில்லை. நான் கலண்டரைப் பார்த்து, கிளினிக் நாளைக் கிழமையோடு எழுதிக் கொடுத்தேன்.

பிறகு மருந்துகள். நான்குதான். ஃப்ரூசமைட் 40 மில்லிகிராம், பக்கத்தில் பீ.டி. எனலாப்ரில் 2.5, அதற்கும் பீ.டி. ஸ்பைரனோலக்டோன் 25, மேனே. அட்டோவாஸ்டட்டின் 20, நொக்டே. இந்தச் சுருக்கங்களெல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. மேனே காலை, நொக்டே இரவு, பீ.டி. நாளுக்கு இரண்டு தரம். உறைகளில் சிங்களத்தில் எழுதியிருந்ததும் அதுதான். ஃப்ரூசமைட் உறையில் "தினகட தெவரக்", நாளுக்கு இரு முறை. நான் ஒரு கொப்பித் தாளை எடுத்து, கோடு போட்டு, அழகான எழுத்தில் தமிழில் எழுதினேன். பீ.டி. என்றிருந்த இரண்டுக்கும் "காலை 1, இரவு 1" என்று போட்டேன். இரண்டு வேளை என்றால் காலையும் இரவும்தானே. எனக்கு அதில் ஒரு துளி ஐமிச்சமும் இருக்கவில்லை.

கார்டில் இன்னொரு வரியும் இருந்தது. புவர் கம்ப்ளயன்ஸ். அதை "முன்பு மருந்தைச் சரியாகக் குடிக்கவில்லை" என்று மொழிபெயர்த்தேன். அதை வாசித்துக் காட்டியபோது ஹாஜியாருக்கு முகம் சுண்டிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். ஏன் குடிக்கவில்லை என்று நானும் கேட்கவில்லை, வாட்டிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் சுபஹுக்குப் பள்ளிக்குப் போனபோதுதான் செய்தி தெரிந்தது. நள்ளிரவு கழிந்து இரண்டு மணியளவில் ஹாஜியார் சலம் கழிக்க எழும்பி, பின்கதவைத் திறந்து கக்கூசுக்குப் போகின்ற படியில் விழுந்துவிட்டார். நெற்றியில் மூன்று தையல். எலும்பு ஒன்றும் முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஐந்து இரவுகளும் அவர் ஒழுங்காகத் தூங்கவில்லையாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிசையைக் குடித்தால், ஒன்பது மணியிலிருந்து விடிய இரண்டு மணி வரைக்கும் நாலைந்து தரம் எழும்ப வேண்டியிருந்ததாம். "வருத்தம் சொகமாகுதுண்டுதான் நெனச்சோம் சேர்" என்றாள் மகள்.

தையல் போட்ட இடத்தில் இன்னொன்றும் நடந்திருக்கின்றது. என்ன மருந்து குடிக்கிறார் என்று டொக்டர் கேட்க, அவசரத்தில் கார்டை வீட்டில் வைத்துவிட்டு என்னுடைய தாளை மட்டும் கொண்டுபோனவர்கள் அதை நீட்டியிருக்கிறார்கள். அந்த டொக்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தமிழ் அவருக்குத் தெரியாது. எழும்பி நிற்கும்போது பிரஷர் இறங்குகிறது என்று கண்டு, சலம் போகின்ற குளிசை எதுவோ அதை இன்றைக்கு நிறுத்துங்கள், காலையில் கார்டைக் கொண்டு போய் விசாரியுங்கள் என்று அனுப்பியிருக்கின்றார்.

மகள் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமலிருந்தது. நான் சில சிங்களச் சிறுகதைகளைத் தமிழாக்கியவன். ஒரு சொல் பிழைத்தால் அடுத்த இதழில் யாராவது கடிதம் எழுதுவார்கள், அவ்வளவுதான்.

டவுனில் பாமசி வைத்திருக்கின்றவரும் என்னிடம் படித்தவர்தான். பரீட்சை எழுதிப் பதிவு செய்த மருந்தாளர். அன்று காலையே மகளையும் கூட்டிக்கொண்டு, கார்ட், உறைகள், என் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் என் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"சேர், நீங்க இங்கிலீஷச் சரியாத்தான் தமிழாக்கி ஈக்கிறீங்க" என்றார். "ஆனா பீ.டி. எண்டா இரண்டு தரம் எண்டு மட்டும்தான். எந்த இரண்டு நேரம் எண்டு அந்த ரெண்டு எழுத்தும் செல்லாது. அத மருந்துதான் செல்லும்."

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். ஃப்ரூசமைட் சலக் குளிசை. குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கும். முதல் இரண்டு மணித்தியாலத்தில்தான் கூடுதலாகச் சலம் போகும். ஆறு மணித்தியாலமளவில் ஓய்ந்துவிடும். லாசிக்ஸ் என்ற அதன் வியாபாரப் பெயரே ஆறு மணித்தியாலம் நிற்கும் என்ற கருத்தில் வந்ததாகச் சொல்வார்களாம். அதனால் இரண்டு தரம் கொடுக்கும்போது காலையில் ஒன்று, பகல் இரண்டு மணியளவில் ஒன்று. அப்படிக் கொடுத்தால் இரவு எட்டு மணிக்கெல்லாம் அலைச்சல் முடிந்துவிடும். வாட்டுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான் கொடுப்பார்கள். சில டொக்டர்மார் கார்டிலேயே எட்டு மணி, இரண்டு மணி என்று எழுதிவிடுவார்கள். இவர் எழுதவில்லை. எனலாப்ரில் வேறு சங்கதி. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் பாரத்தைக் குறைப்பது. நாள் முழுவதும் பரவி நிற்க வேண்டும். அதற்குப் பீ.டி. என்றால் உண்மையிலேயே காலையும் இரவும்தான். ஒரே கார்டில், ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்த அதே இரண்டு எழுத்துகளுக்கு இரண்டு அர்த்தம்.

அவர் தன் சொந்தத் தீர்மானமாக எதையும் மாற்றவில்லை. கார்டில் இருந்த வாட்டு இலக்கத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தார். அரை மணித்தியாலம் முயன்ற பிறகு வாட்டு டொக்டர் ஒருவர் கிடைத்தார். காலையும் இரண்டு மணியும்தான் என்று உறுதியாயிற்று. விழுந்த விசயத்தையும் பிரஷரையும் சொன்னபோது அந்த டொக்டர் ஒரு கேள்வி கேட்டாராம். வீட்டில் வேறு ஏதாவது குடிக்கிறாரா?

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. மகள் வீட்டுக்குப் போன் பண்ணி, தம்பியிடம் மருந்து டின்னை அனுப்பச் சொன்னாள். எல்லா வீடுகளிலும் இருப்பது போன்ற பழைய பிஸ்கட் டின். பாமசிக்காரர் அதை மேசையில் கவிழ்த்தார். காலாவதியான இருமல் மருந்து, ஒரு கண் மருந்து, நாலைந்து விதக் குளிசைப் பட்டிகள். அதில் ஒன்றை எடுத்து, பெரிய எழுத்திலிருந்த வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே எறும்பளவு எழுத்திலிருந்ததை என்னை வாசிக்கச் சொன்னார். ஃப்ரூசமைட் 40 என்றிருந்தது.

போன வருடம் கால் வீக்கத்துக்கு டொக்டர் ஒருவரைச் சனல் பண்ணிக் காட்டியபோது கொடுத்தது. மருமகள் அதையும் காலையில் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. பெயர் வேறு, நிறம் வேறு, ஆகவே மருந்தும் வேறு என்று அந்தப் பிள்ளை நினைத்ததில் என்ன பிழை? ஆக ஹாஜியாரின் வயிற்றுக்குள் நாளுக்கு இரண்டல்ல, மூன்று சலக் குளிசைகள் போயிருக்கின்றன. அதனால்தான் எழும்பும்போது தலை சுற்றியிருக்கின்றது. கார்டில் அதை நிறுத்தும்படி எழுதவில்லையா என்றால், வாட்டில் அந்தக் குளிசையைப் பற்றி யாரும் சொல்லவே இல்லை. அவர்களுக்குத் தெரியாத ஒன்றை அவர்கள் எப்படி நிறுத்துவார்கள்? கார்டைத் தமிழாக்குகின்றவன் கார்டை மட்டும் பார்த்தால் போதாது, டின்னையும் பார்க்க வேண்டும் என்று அன்று படித்தேன். இப்போது யார் கார்ட் கொண்டு வந்தாலும், டின்னைக் கொண்டு வந்தால்தான் எழுதுவேன் என்று திருப்பி அனுப்பிவிடுகின்றேன். அதனால் எனக்குப் பெருமைக்காரன் என்ற பெயரும் வந்திருக்கின்றது.

டின்னிலிருந்து இன்னொரு பட்டியும் அகப்பட்டது. டைக்ளோஃபெனாக், முழங்கால் வலிக்கு ஹாஜியார் அவ்வப்போது தானே எடுத்துப் போட்டுக்கொள்வது. கார்டில் "எவொய்ட் என்.எஸ்.ஏ.ஐ.டீஸ்" என்று ஒரு வரி இருந்தது. அதை நான் "சில வலி மருந்துகளைத் தவிர்க்கவும்" என்று எழுதியிருந்தேன். எந்தச் சில? எனக்கும் தெரியாது. அந்த வகைக் குளிசைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துவிடும், சிறுநீரகத்தையும் வருத்தும், சலக் குளிசை வெளியேற்றுவதை இது உள்ளே நிறுத்தும் என்றார் பாமசிக்காரர். அந்தப் பட்டியையும் பழைய ஃப்ரூசமைட்டையும் தனியே எடுத்து ஓர் உறையில் போட்டு, கிளினிக்கில் காட்டும்படி கொடுத்தார். நான் தாளில் திருத்தி எழுதினேன்: "முழங்கால் வலிக்கு இந்தச் சிவப்புப் பட்டிக் குளிசையும் கடையில் வாங்குகின்ற வேறு வலிக் குளிசைகளும் வேண்டாம். பெனடோல் மட்டும் குடிக்கலாம்."

அன்று பின்னேரம் ஹாஜியார் வீட்டுக்கே போனேன். நெற்றியில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க மாஸ்டர், அல்லாஹ்ட நாட்டம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கேட்டேன், முன்பு குளிசையை ஏன் விட்டுவிட்டுக் குடித்தீர்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு மட்டும்தான் மாஸ்டர் நான் அதக் குடிக்கல்ல. ஜும்ஆக்குப் போனா ஒளு நிக்குதில்ல. குத்பாவுக்கு எடையில எழும்பி எழும்பிப் போக வெக்கம். பொறகு கலியாணத்துக்கு, மையத்துக்குப் போற நாளைக்கும் உட்டுட்டேன்."

அந்த மனுசனை நாங்கள் ஒழுங்கில்லாதவர் என்று எழுதியிருந்தோம். விசயத்தைப் பாமசிக்காரரிடம் கேட்டேன். சுபஹு தொழுத கையோடு குடித்தால் ஜும்ஆவுக்கு முன்பே அதன் பெரிய வேகம் அடங்கிவிடும், நேரத்தை அவ்வளவு முன்னே தள்ளுவதால் ஒன்றும் கெடாது என்றார். ஹாஜியார் இதுவரை அதைக் குடித்துவந்தது காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பது மணிக்கு. பன்னிரண்டரைக்குக் குத்பா தொடங்கும்போது அது இன்னும் வேலை செய்துகொண்டிருந்திருக்கும்.

இங்கேதான் நேரத்தை எப்படி எழுதுவது என்பதை முதல் தடவையாக யோசித்தேன். காலை என்று நாம் எழுதுகிறோம். தஹஜ்ஜுதுக்கு எழும்புகின்ற ஹாஜியாருக்குக் காலை நாலரை மணி. பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு மூச்சு விடுகின்ற மருமகளுக்குக் காலை எட்டரை. மாலை என்பது புத்தகச் சொல். பின்னேரம் என்றால் எங்கள் ஊரில் மூன்று மணியும் பின்னேரம், மஃரிபும் பின்னேரம். அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரேயளவாகத் தெரிந்த மணிக்கூடு பாங்குச் சத்தம்தான். பூமத்திய ரேகைக்கு அண்மையிலிருப்பதால் நம் நாட்டில் தொழுகை நேரங்கள் வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை, கூடினால் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம். ஆகவே குளிசையைத் தொழுகையோடு கட்டலாம். ஆனால் கவனம் வேண்டும். மூன்று தரம் குடிக்க வேண்டிய மருந்தை ஒருவர் அஸர், மஃரிப், இஷா என்று எடுத்ததை நான் கண்டிருக்கின்றேன். வீட்டிலிருக்கின்ற நேரம் அதுதானாம். நான்கு மணித்தியாலத்துக்குள் மூன்றும் முடிந்துவிடும். அதனால் சுபஹு, லுஹர், இஷா மூன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் மணியையும் எழுதினேன்.

புதிய தாள் இப்படி அமைந்தது. மேலே அன்றைய திகதி. முதல் வரி: "சுபஹு தொழுது, தேத்தண்ணியோடு, காலை 6 மணிக்குள்: சலக் குளிசை 1, ஸ்பைரனோலக்டோன் 1, எனலாப்ரில் 1." இரண்டாவது: "லுஹர் தொழுது, பகல் சாப்பாடு முடிந்து, 2 மணி: சலக் குளிசை 1. இதற்குப் பிறகு அன்றைக்குச் சலக் குளிசை இல்லை. மறந்துபோய் அஸர் கழிந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், அடுத்த நாள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்." மூன்றாவது: "இஷா தொழுது, ராச்சாப்பாடு முடிந்து, 8 மணி: எனலாப்ரில் 1, அட்டோவாஸ்டட்டின் 1." ஒவ்வொரு மருந்தின் பெயரையும் கார்டிலிருந்தபடியே இங்கிலீஷ் எழுத்திலும் பக்கத்தில் போட்டேன், எந்த டொக்டரிடம் நீட்டினாலும் வாசிப்பதற்காக. தாளைக் கார்டின் முதுகில் பின் அடித்தேன். இனி ஒன்று இல்லாமல் மற்றது போகாது.

அடியில் இரண்டு விசயங்கள் மட்டும். வயிற்றாலே போனாலோ வாந்தி எடுத்தாலோ உடம்பில் ஏற்கெனவே தண்ணீர் குறைந்துவிடும், அந்த நிலையில் இந்தக் குளிசைகளைத் தொடர்ந்து கொடுக்காமல் உடனே டொக்டரிடம் கேளுங்கள். கார்டிலிருந்த டெய்லி வெயிட் என்ற சொல்லுக்கு: தினமும் சுபஹுக்குப் பிறகு, சலம் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் தண்ணீர் தேங்குகிறது, கிளினிக் நாள் வரும் வரை இருக்க வேண்டாம். அந்த வீட்டில் தராசு இருக்கவில்லை. மகன் ஒன்று வாங்கி வந்தான். அது வரும்வரை செருப்பு வார் இறுகுகின்றதா என்று பார்க்கச் சொன்னேன்.

எழுதி முடித்ததும் முன்னைப்போல வாசித்துக்காட்டிவிட்டு எழும்பவில்லை. விளங்கியதா என்றும் கேட்கவில்லை. கேட்டால் இங்கும் "ஒவ் மிஸ்"தான் கிடைக்கும். தாளை மூடி வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மருமகளிடம் "மகள், நாளைக்கு என்னென்ன குடுப்பீங்க, எனக்குச் செல்லிக் காட்டுங்க" என்றேன். காலையைச் சரியாகச் சொன்னாள். இரண்டு மணியையும் சொன்னாள். இரவுக்கு வந்தபோது, "எனலாப்ரில், பொறகு அந்த வெள்ளக் குளிசை" என்றாள். எந்த வெள்ளை? உறைகளைத் திறந்து பார்த்தால் மூன்று வெள்ளை. அவள் காட்டியது சலக் குளிசையை. நிறத்தைப் பார்த்துக் கொடுக்கின்ற பழக்கம். ஒவ்வோர் உறையிலும் சூரியன், சோற்றுக் கோப்பை, பிறை என்று படம் கீறினோம். சலக் குளிசை உறையில் சூரியனும் கோப்பையும் மட்டும். பிறை இல்லை. பேத்திதான் கீறினாள். திரும்பச் சொல்லச் சொன்னேன், சரியாக வந்தது.

இரண்டு வாரத் தவணைக்கு முதல் நாள் ஹாஜியார் ஆளனுப்பினார். ரமழான் வருகின்றது. "மாஸ்டர், நோன்புக்கு ஏத்த மாதிரி இந்த நேரத்த மாத்தி எழுதித் தாங்களே. ஸஹருக்கு ஒண்டு, நோன்பு தொறக்க ஒண்டு." அந்த வருடம் நோன்பு மார்ச் நடுப்பகுதியில் தொடங்கவிருந்தது. கேட்பதற்குச் சின்ன மாற்றமாகத் தெரியும். ஆனால் நோன்பு திறந்து குடித்தால் அது மறுபடியும் அதே இரவுக் குளிசை, அதே படி. பகலில் சொட்டுத் தண்ணீர் இல்லாத உடம்பிலிருந்து ஸஹரில் குடித்த குளிசை தண்ணீரை எடுக்கும். கார்டில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லாததை நான் மொழிபெயர்க்க முடியாது. எழுத மாட்டேன் என்றேன். அவர் கோபித்துக்கொண்டார். நாற்பது வருடப் பழக்கத்தில் முதல் தடவை.

மாற்றாக இங்கிலீஷில் ஒரு துண்டு எழுதி மகளிடம் கொடுத்தேன். இவர் ரமழானில் சுபஹிலிருந்து மஃரிப் வரை, ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலம், தண்ணீரும் இல்லாமல் நோன்பிருக்க விரும்புகின்றார், இது இவருக்கு ஏலுமா, ஏலாவிட்டால் நேரடியாக அவரிடமே சொல்லவும். கடைசி வரி முக்கியம். பிள்ளைகள் வந்து சொன்னால் அவர் நம்பமாட்டார். சிங்கள டொக்டர் துண்டை வாசித்துவிட்டுக் கதிரையை இழுத்து ஹாஜியாரின் முன்னால் வைத்து அமர்ந்து, இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றார். பழைய பட்டிகள் இருந்த உறையையும் வாங்கிப் பார்த்து, அவற்றை இனித் தொடவேண்டாமென்று கார்டில் எழுதியிருக்கின்றார். மௌலவியிடம் கேட்டு ஃபித்யாவுக்கு அரிசி கொடுத்தார்கள்.

நோன்பில் ஒரு நாள் லுஹருக்குப் பிறகு பார்க்கப் போனேன். வீடு நோன்பு வீட்டுக்குரிய அமைதியில் கிடந்தது. ஹாஜியாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பதிலில்லை. கொஞ்சம் பொறுத்துத் திறந்தார். கட்டிலருகில் பாதித் தண்ணீரோடு ஒரு கிளாஸ், அதைத் தொப்பியால் மூடி வைத்திருந்தார். சுவர் மணிக்கூட்டில் இரண்டு மணி ஐந்து நிமிடம்.

"பேரப் புள்ளகளும் நோன்பு மாஸ்டர்" என்றார். "சின்னது ஏழு வயசு. அது காணப்போடா."

பெருநாளைக்குப் பிந்திய கிளினிக்கில் வீக்கம் வற்றியிருந்தபடியால் ஃப்ரூசமைட்டைக் காலையில் மட்டும் என்று குறைத்தார்கள். நான் புதுத் தாள் எழுதி, திகதி போட்டு, உறையிலிருந்த சோற்றுக் கோப்பையை வெட்டிவிட்டு, பழைய தாளைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு தாள் ஒரு வீட்டில் இருக்கக்கூடாது. மருமகள் எடுத்துத் தந்தாள். அவர்களுக்கு முன்னாலேயே அதைக் கிழித்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.